வீட்டுப் பத்திரமும் கல்விக் கடனும்: தாம்பரத்திலிருந்து ஒரு கணக்கு

வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் தேடும் தாம்பரம் பகுதிக் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி ‘எந்த வங்கியில் வட்டி குறைவு?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான விடை பெரும்பாலும் அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஒரு மனைப் பத்திரத்தில் எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பத்திரத்தை வங்கியின் வழக்கறிஞர் ஏற்றுக்கொண்டால் பொதுத்துறை வங்கியின் கதவு திறக்கும். ஏற்காவிட்டால் அதே பிள்ளை, அதே பல்கலைக்கழகம், அதே தொகை என்றாலும் தனியார் நிதி நிறுவனத்தின் வட்டிக்குப் போக வேண்டியிருக்கும். இந்த இரண்டு வழிகளுக்கும் இடையில் உள்ள தொலைவு ரூபாயில் எவ்வளவு, அது கடனின் எந்தக் கட்டத்தில் உருவாகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடன் பெரும்பாலும் இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்து, பின்னர் பலமுறை திருத்திய மாதிரித் திட்டத்தைத் தழுவியது. அதன்படி ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பதில்லை. 2015இல் வந்த கடன் உத்தரவாத நிதி அந்த அளவுக்குப் பின்னால் நிற்கிறது. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வீடு, மனை, வைப்புத்தொகை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் போன்ற ஏதாவது ஒன்று வேண்டும். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ முதுகலை படிக்க ஏழரை லட்சம் பெரும்பாலும் ஒரு பருவக் கட்டணத்துக்குக்கூடப் போதாது. ஆகவே வெளிநாட்டுப் படிப்பு என்றாலே பிணையுள்ள கடன் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பேங்க் ஆஃப் பரோடா, ஸ்டேட் வங்கி, யூனியன் வங்கி போன்றவை தாங்கள் தேர்ந்தெடுத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள இடத்தில் சேர்க்கை கிடைத்தால், சில வங்கிகளில் 40 லட்சம் வரைகூட, சொத்துப் பிணை இல்லாமல் கடன் கிடைக்கும். பட்டியல் ஒவ்வொரு வங்கிக்கும் வேறு. அவ்வப்போது மாறவும் செய்யும். பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய சமமாகத் தோன்றும்போது, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இது போதுமான காரணம்.

பட்டியலுக்கு வெளியே போகிறவர்களுக்கு வீட்டுப் பத்திரம்தான் வழி. தென்சென்னைப் புறநகருக்கென்றே உரிய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில்தான் உருவானது. அதற்கு முன் இந்தப் பகுதி ஐந்து நகராட்சிகளாகவும் ஐந்து பேரூராட்சிகளாகவும் இருந்தது. அவற்றுக்கும் முன் பெரும்பகுதி ஊராட்சிகள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வயல்களும் ஏரிக்கரை நிலங்களும் மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது, விற்றவர்கள் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்றார்கள். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. பெருநகர எல்லைக்குள் என்றால் சி.எம்.டி.ஏ., அதற்கு வெளியே என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. வாங்கியவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அவர்கள் கையிலிருந்த பணத்துக்கு வேறு மனை கிடையாது. மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம் என்று எங்கே பார்த்தாலும் இப்படிப்பட்ட மனைகளில் எழுந்த வீடுகள் இருக்கின்றன. சொத்துவரி கட்டுகிறார்கள், மின் இணைப்பு இருக்கிறது, பட்டாவும் இருக்கிறது. வீடு எந்தக் குறையும் இல்லாமல் நிற்கிறது. அடமானத்துக்கு எடுத்துக்கொண்டு போகும்போதுதான் குறை தெரியவருகிறது.

2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து 2017 மே மாதத்தில் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கும் மனைகளுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தித் தரும் திட்டம் அது. விண்ணப்பிக்கும் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்ட குடும்பங்கள் இன்று பிணை கொடுக்க முடிகிற நிலையில் இருக்கின்றன. வீட்டை விற்கும் எண்ணமே இல்லாததால் ‘நமக்கெதற்கு’ என்று இருந்துவிட்டவர்கள், பிள்ளைக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த மாதத்தில் அந்த வேலையைத் தொடங்குகிறார்கள். அப்போது காலம் போதாது.

மனையை வரன்முறைப்படுத்துவது வேறு, அதில் கட்டிய வீட்டுக்கு வரைபட அனுமதி இருப்பது வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மனைக்கு ஆணை இருந்தும் கட்டடத்துக்கு அனுமதி இல்லையென்றால், சில கிளைகள் மனையின் மதிப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சில கிளைகள் கோப்பையே திருப்பிவிடும். கிராம நத்தம் நிலமாக இருந்தால் முன்பத்திரமே இருக்காது. நத்தம் பட்டாவையும் நீண்டகால அனுபவத்தையும் வைத்துத்தான் வழக்கறிஞரை ஏற்கச் செய்ய வேண்டும். தாத்தா பெயரில் இருக்கும் வீடு என்றால் எல்லா வாரிசுகளும் வந்து கையெழுத்திட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பிரிபடாத மனைப் பங்கு, வரைபட அனுமதி, பணி நிறைவுச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வீட்டின் மேல் ஏற்கெனவே வேறொரு வங்கியின் வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தால், அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் வங்கியைத் தேட வேண்டும். விவசாய நிலத்தைப் பொதுவாக வாங்கமாட்டார்கள். கடன் நின்றுபோனால் நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சர்ஃபாசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதே காரணம்.

பத்திரம் தேறினால் மதிப்பீட்டாளர் வருவார். அவர் தரும் மதிப்பு தெருவில் பேசப்படும் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். அவசரத்தில் விற்றால் என்ன கிடைக்கும் என்பதுதான் வங்கியின் கணக்கு. அதன்பின் ஆவணங்களை ஒப்படைத்ததற்கான பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வங்கி ஊழியர்கள் ‘எம்.ஓ.டி. போடுவது’ என்று சொல்வது இதைத்தான். அதற்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம். வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்கும் தனியாகப் பணம். எல்லாம் சேர்ந்து சில வாரங்கள் ஓடிவிடும்.

தனியார் நிறுவனங்கள் இந்தச் சில வாரங்களைத்தான் விற்கின்றன. 2006இல் தொடங்கிய கிரெடிலா, இந்தியாவில் கல்விக் கடனை மட்டுமே தொழிலாகக் கொண்ட முதல் நிதி நிறுவனம். பின்னர் அவான்ஸ், ஆக்சிலோ, இன்கிரெட் போன்றவை வந்தன. இவை வங்கிகள் அல்ல. வங்கிசாரா நிதி நிறுவனங்கள். மாணவரின் மதிப்பெண், பல்கலைக்கழகம், பாடம், தந்தை அல்லது தாயின் வருமானம், சிபில் மதிப்பெண் ஆகியவற்றைப் பார்த்து, சொத்து கேட்காமலே முப்பது நாற்பது லட்சம் வரை அனுமதி தருகின்றன. அனுமதிக் கடிதம் சில நாட்களில் கையில் கிடைத்துவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஐ-20 படிவம் தருவதற்கு நிதி ஆதாரம் கேட்கும் நேரத்தில் அந்த வேகம் உண்மையான உதவிதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். சேலையூரில் குடியிருக்கிறார்கள். தந்தைக்கு மெப்ஸ் வளாகத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை, மாதம் 60,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் அமெரிக்காவில் இரண்டாண்டு முதுகலை படிக்கப் போகிறாள். மொத்தச் செலவு 47 லட்சம். மாதிரித் திட்டப்படி வெளிநாட்டுப் படிப்பில் 15 விழுக்காட்டைக் குடும்பமே போட வேண்டும் என்பதால் 7 லட்சம் கைப்பணம், 40 லட்சம் கடன். கடன் ஒரே நாளில் வராது. பருவத்துக்குப் பத்து லட்சமாக, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நான்கு தடவையில் வரும். படிப்பு முடிந்து ஆறு மாதங்கள் கழித்து, அதாவது முதல் பணம் வந்த 30 மாதங்களுக்குப் பிறகு, மாதத் தவணை தொடங்குகிறது. பொதுத்துறை வங்கியில் வீட்டைப் பிணை வைத்து 9.5 விழுக்காடு, தனியாரிடம் பிணையில்லாமல் 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்கிறேன். இன்றைய சந்தையில் இரண்டுமே நடப்பில் இருக்கக்கூடிய விகிதங்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

முதலில் அந்த 30 மாதங்களைப் பார்ப்போம். மொரட்டோரியம் என்று எல்லோரும் சொல்லும் இந்தக் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதைக் கேட்டதும், வட்டியும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. எப்படி ஓடுகிறது என்பதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன.

பொதுத்துறை வங்கி இந்தக் காலம் முழுவதும் தனிவட்டிதான் போட வேண்டும். மாதிரித் திட்டம் அப்படித்தான் சொல்கிறது. நான்கு பத்து லட்சங்களில் முதலாவது 30 மாதமும், இரண்டாவது 24 மாதமும், மூன்றாவது 18 மாதமும், நான்காவது 12 மாதமும் வங்கிக் கணக்கில் நிற்கின்றன. கூட்டினால் 84 மாதம். பத்து லட்சம் ரூபாய் ஏழு வருடம் நின்றதற்குச் சமம். 9.5 விழுக்காட்டில் அதற்கு வட்டி 6,65,000 ரூபாய். இதைச் செலுத்தாமல் விட்டால் தவணை தொடங்கும் நாளில் அசலோடு சேரும். மகள் திருப்பிக் கட்டத் தொடங்கும் தொகை 46,65,000.

தனியாரிடம் இரண்டு வழிகள் வைப்பார்கள். ஒன்று, படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டுவது. முதல் ஆறு மாதம் 10,000 ரூபாய், அடுத்த ஆறு மாதம் 20,000, பிறகு 30,000, அதன்பின் ஒரு வருடம் முழுக்க 40,000. இரண்டாவது பருவம் தாண்டும்போதே சேலையூர்த் தந்தையின் சம்பளத்தில் பாதி போய்விடும். நான்காவது பருவத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மகள் இன்னும் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கத் தொடங்கவில்லை. தனியார் கடனில் ‘மொரட்டோரியம் உண்டு’ என்று சொல்லும்போது அது பெரும்பாலும் அசலுக்கு மட்டும்தான் என்பது இங்கே புரியும். இதைக் குறைக்கப் ‘பகுதி வட்டி’ என்று மாதம் சில ஆயிரம் கட்டும் ஏற்பாடும் உண்டு; கட்டாத மிச்சம் அசலில் ஏறிக்கொண்டே போகும்.

இன்னொரு வழி, ஒன்றுமே கட்டாமல் விடுவது. அப்போது வட்டி மாதாமாதம் அசலில் சேர்ந்து, அதற்கும் வட்டி போடப்பட்டால், 30 மாதம் கழித்து நிற்கும் கடன் ஏறத்தாழ 49,41,000 ரூபாய். தனிவட்டியாக இருந்தால் 48,40,000தான். கூட்டுவட்டியால் மட்டும் ஒரு லட்சம் கூடியிருக்கிறது. பொதுத்துறைக் கடனோடு ஒப்பிட்டால் தவணை தொடங்கும் முன்பே 2,76,000 ரூபாய் வித்தியாசம்.

இனி தவணை. இரண்டுக்கும் 15 ஆண்டு என்று வைத்தால் வங்கியில் மாதம் ஏறத்தாழ 48,700 ரூபாய், தனியாரிடம் 59,300. பதினைந்து வருடத்தில் கட்டும் மொத்தம் ஒன்றில் சுமார் 87.7 லட்சம், மற்றதில் 106.7 லட்சம். வித்தியாசம் 19 லட்சம். நிதி நிறுவனம் பத்தாண்டுகளில் முடிக்கச் சொன்னால் மாதத் தவணை 70,900 ஆகிவிடும். அமெரிக்காவில் நல்ல வேலை கிடைத்தால் இந்த 70,900 பெரிய தொகை இல்லை. வேலை கிடைக்காமல் ஊர் திரும்பிப் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஏதோவொரு நிறுவனத்தில் 50,000 சம்பளத்துக்குச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். கடனை எப்போதும் இந்த இரண்டாவது நிலைமையை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணத்தை அறிவித்தது. வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பி மட்டும் 59,000 ரூபாய்த் தவணைக்குக் கையெழுத்திடுவது முன்பைவிட இப்போது ஆபத்தானது.

வட்டி விகிதம் கடன் வாங்கிய நாளோடு நின்றுவிடுவதும் இல்லை. மாறும் வட்டியில் தரும் சில்லறைக் கடன்களை வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்று 2019 அக்டோபரிலிருந்து வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் கட்டளை இருக்கிறது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போ விகிதத்தோடு இணைத்திருக்கின்றன. 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ 6.5 விழுக்காட்டிலிருந்து 5.25 ஆக இறங்கியது. அந்த ஒன்றேகால் விழுக்காடு முழுவதும் நம் சேலையூர்க் கடனில் இறங்கினால் தவணை மாதம் ஏறத்தாழ 3,450 ரூபாய் குறையும். வங்கிசாரா நிறுவனங்களுக்கு அந்தக் கட்டளை இல்லை. அவை தாமே வகுத்துக்கொண்ட அடிப்படை விகிதத்தை வைத்திருக்கின்றன. ஏறும்போது ஏற்றுவதில் உள்ள வேகம் இறங்கும்போது இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வங்கிக் கடனிலும் இது இருபக்கமும் வெட்டும்: 2022 மே மாதம் தொடங்கி ஒன்பது மாதங்களில் ரெப்போ 4 விழுக்காட்டிலிருந்து 6.5க்கு ஏறியபோது வங்கியில் கடன் வாங்கியவர்களும் அதை உடனே உணர்ந்தார்கள்.

இவ்வளவும் வங்கியின் பக்கமே சாய்கிறது என்றால், பிணை என்ற சொல்லின் கனத்தையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். பொதுத்துறை வங்கியில் குறைந்த வட்டி கிடைப்பதற்குக் காரணம் வீடு அவர்கள் கையில் இருப்பதுதான். மூன்று மாதம் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும்; சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வரும்; அதற்குப் பிறகு வீட்டைக் கையகப்படுத்த முடியும். ஓய்வுபெறப்போகும் பெற்றோர் குடியிருக்கும் ஒரே வீடு அதுவென்றால், வருடத்துக்கு இரண்டரை விழுக்காடு கூடுதலாகக் கட்டி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பதைத் தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிணையில்லாக் கடனில் ஆபத்தே இல்லை என்று நினைப்பது தவறு. தந்தை அதில் சாட்சியாகக் கையெழுத்திடவில்லை. இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருக்கிறார். மகள் கட்டாவிட்டால் முழுக் கடனும் அவருடையது. அவருடைய சிபில் மதிப்பெண் விழும், வழக்கு அவர் மேல் வரும், தீர்ப்பு வந்தால் சொத்தும் அதற்குள் வரக்கூடும். வீட்டை எடுக்கும் பாதை நீளமாகிறது, அவ்வளவுதான். நிதி நிறுவனத்திடமே வீட்டைப் பிணை வைத்தால் அந்த நீளமும் போய்விடும்: பெரிய வங்கிசாரா நிறுவனங்களால் 20 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கடன்களில் சர்ஃபாசி சட்டத்தை 2021லிருந்து பயன்படுத்த முடிகிறது.

வேலை கிடைக்காத காலத்துக்கு மாதிரித் திட்டம் ஒரு கதவை வைத்திருக்கிறது. அதைப் பற்றிக் கிளைகளில் யாரும் தாமாகப் பேசுவதில்லை. படிப்பு முடிந்தும் வேலையில்லாமலோ மிகக் குறைந்த சம்பளத்திலோ இருப்பவருக்கு, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்க வங்கி இசையலாம் என்பது அது. தானாக வராது, எழுத்தில் கேட்க வேண்டும், அதுவும் கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே கேட்க வேண்டும். தனியார் ஒப்பந்தங்களில் இதற்கு இணையான பிரிவு இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் தேடிப் பாருங்கள். இல்லாமல் இருப்பதே வழக்கம். தவணை தொடங்கும் நாளும் எல்லா வங்கிக்கும் ஒன்றல்ல. மாதிரித் திட்டம் படிப்பு முடிந்து ஓராண்டு தருகிறது; ஸ்டேட் வங்கியின் வெளிநாட்டுக் கல்விக் கடனில் ஆறு மாதம். ஓராண்டு என்பது வேலை தேட நல்ல அவகாசம்தான். ஆனால் சேலையூர்க் கணக்கில் அந்தக் கூடுதல் ஆறு மாதம் வட்டியை 6,65,000லிருந்து 8,55,000 ஆக்கும். மாதிரித் திட்டத்தில் இன்னொரு சலுகையும் இருக்கிறது: படிக்கும் காலத்தில் வட்டியைக் கட்டி வந்தால் ஒரு விழுக்காடு வரை வட்டி குறைக்கலாம். மாதம் ஏழெட்டாயிரம்தான் முடியும் என்கிற குடும்பமும் அதைக் கட்டுவது வீணாகாது. சலுகைக்கு முழு வட்டி வேண்டுமா என்று மட்டும் கிளையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனியார் நிறுவனத்தின் மொரட்டோரியம் எந்த வகை என்று கண்டுபிடிக்க அதிகாரியின் வாய்ச்சொல்லை நம்பத் தேவையில்லை. 2024 அக்டோபரிலிருந்து எல்லாச் சில்லறைக் கடனுக்கும் ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதில் செயல்முறைக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம் எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு அடக்க விகிதம் இருக்கும்; தவணை அட்டவணையும் இருக்கும். அட்டவணையின் முதல் சில வரிகள் போதும். பத்து லட்சத்துக்கு 12 விழுக்காடு என்றால் முதல் மாத வட்டி 10,000. இரண்டாவது மாதமும் 10,000 என்றிருந்தால் தனிவட்டி. 10,100 என்றிருந்தால் கூட்டுவட்டி. விளம்பரத்தில் 11 என்று படித்த விகிதம் அந்த அறிக்கையில் 12ஐத் தாண்டியிருந்தால், பெரும்பாலும் கடனோடு ஒட்டவைத்த காப்பீடும் ஒரு விழுக்காடு செயல்முறைக் கட்டணமும் அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் காரணமாக இருக்கும். 40 லட்சத்துக்கு ஒரு விழுக்காடு கட்டணம் வரியோடு 47,200 ரூபாய். அந்தக் காப்பீடு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அது இல்லாமல் அறிக்கையை மறுபடி போட்டுத் தரச் சொல்லலாம்.

வருமானவரிச் சலுகையைத் தரகர்கள் பெரிதாகச் சொல்வார்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான், அதுவும் எட்டு ஆண்டுகளுக்குத்தான் வட்டிக்குக் கழிவு. படிக்கும்போதே பெற்றோர் வட்டி கட்டத் தொடங்கினால் அந்த எட்டு ஆண்டும் அப்போதே ஓடத் தொடங்கிவிடும். வங்கிக் கடனுக்கு இது தானாகப் பொருந்தும். நிதி நிறுவனம் என்றால் அது மத்திய அரசால் இதற்காக அறிவிக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

இரண்டு வழிகளையும் பார்த்தபின் என் முடிவு இது. பத்திரம் தெளிவாக இருந்து, ஊர் திரும்பி வந்து வேலை பார்த்தாலும் தவணையைத் தாங்க முடியும் என்ற நிலை இருந்தால் பொதுத்துறை வங்கிதான். பத்திரம் சீராக இன்னும் ஆறு மாதம் ஆகும், ஆனால் சேர்க்கைக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால், தனியார் அனுமதியோடு முதல் பருவத்துக்கு மட்டும் பணம் எடுத்துவிட்டு, பத்திரம் தயாரானதும் கடனை வங்கிக்கு மாற்றலாம். தனிநபர் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் கூடாது என்பதால் இது சாத்தியம். புதிய வங்கியின் கட்டணமும் எம்.ஓ.டி. செலவும் மட்டும் வரும். 19 லட்ச வித்தியாசத்துக்கு முன் அது சிறியது. ஆனால் இப்படி மாற்றிக்கொள்ள அந்த வங்கியின் திட்டம் இடம் கொடுக்கிறதா என்பதை முதல் பருவத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ரூபாய் சரிந்தால் ரூபாயில் அனுமதித்த தொகை டாலரில் சுருங்கும்: டாலர் 85 ரூபாயாக இருக்கும்போது 40 லட்சம் என்பது 47,000 டாலர், 90 ஆனால் 44,400. கடைசிப் பருவத்தில் விழும் இந்த ஓட்டைக்கும் கொஞ்சம் கைப்பணம் வைத்திருக்க வேண்டும்.

வங்கிக் கிளை வாயால் மறுத்தால் அதை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளம் வழியாகவோ, கிளையில் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டோ விண்ணப்பியுங்கள். மாதிரித் திட்டப்படி கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்க அடுத்த மேல் அதிகாரியின் இசைவு வேண்டும். காரணம் எழுத்தில் கிடைத்தால், குறை பத்திரத்திலா வருமானத்திலா என்று தெரிந்துவிடும். பத்திரத்தில் என்றால் அதைச் சரிசெய்ய முடியும். வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுதிய புகாருக்கு 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

உங்கள் பிள்ளை இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படித்துக்கொண்டிருந்தால், பல்கலைக்கழகங்களைத் தேடுவதோடு இந்த வேலையையும் சேர்த்துத் தொடங்குங்கள். tnreginet.gov.in தளத்தில் முப்பது வருட வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள். தாய்ப்பத்திரங்கள் எல்லாம் கையில் இருக்கின்றனவா, மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. எண் இருக்கிறதா, இல்லையென்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா, பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று ஒரு வழக்கறிஞரிடம் சில ஆயிரம் செலவழித்துக் கேளுங்கள். கடனை அடைத்து முடித்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கும். மூலப் பத்திரங்களை 30 நாளில் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பரிலிருந்து வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் உள்ள விதி. அவற்றை வாங்கிக்கொண்டதோடு நின்றுவிடாமல், எம்.ஓ.டி. ரத்து ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் செய்யுங்கள். அது பதியும்வரை வில்லங்கச் சான்றில் உங்கள் வீடு அடமானத்தில்தான் இருக்கும்.